டேர்ம் ஷீட்டில் கையெழுத்து வைக்கும் முன்: லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ், ஆன்ட்டி-டைலூஷன், வெஸ்டிங்

டேர்ம் ஷீட் என்பது முதலீட்டின் நிபந்தனைகளை உடன்படிக்கைக்கு முன் சுருக்கமாக எழுதுகிற கடதாசி. முதல் முதலீடு எடுக்கப்போகிற கொழும்புப் பிள்ளைகள் அதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணக் கம்பனியை வைத்திருக்கிறேன். மருந்துக்கடைகளின் கையிருப்பைக் கணக்கு வைக்கும் மென்பொருள் செய்கிற, வெள்ளவத்தையில் வாடகை அறையில் இயங்குகிற, இரண்டு நண்பர்களின் கம்பனி. எண்கள் நான் போட்டவை. உங்கள் எண்களைப் போட்டு எக்செலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

முதலீட்டாளர் 60 மில்லியன் தருகிறார். கம்பனிக்கு 240 மில்லியன் மதிப்புப் போட்டிருக்கிறார். நல்ல விலைதானே, வேறென்ன பார்க்க இருக்கிறது?

விலை முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்த விலை உண்மையா என்பது மூன்றாம், நான்காம் பக்கங்களில் இருக்கிறது.

முதலில் பங்குகளை எண்ணிவிடுவோம். நண்பர்கள் இருவரிடமும் தலா 4 இலட்சம், மொத்தம் 8 இலட்சம் சாதாரண பங்குகள். 240 மில்லியனை 8 இலட்சத்தால் பிரித்தால் ஒரு பங்கு 300 ரூபா. அந்த விலையில் முதலீட்டாளர் 60 மில்லியனுக்கு 2 இலட்சம் முன்னுரிமைப் பங்குகள் வாங்குகிறார். இப்போது மொத்தம் 10 இலட்சம் பங்குகள், அவருக்கு 20 வீதம், உங்கள் இருவருக்கும் 80 வீதம். பணம் வந்த பிறகு கம்பனியின் மதிப்பு 300 மில்லியன்.

அவர் வாங்குவது உங்களுடையதைப் போன்ற பங்கு அல்ல என்பதுதான் விஷயம். "முன்னுரிமை" என்ற சொல்லுக்குள் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் 80 வீதம் என்னுடையது என்று சொல்ல முடியாது.

லிக்விடேஷன் என்றால் கம்பனியை மூடுவதுதானே? நாங்கள் மூடப் போவதில்லையே.

மூடுவது அதில் ஒரு சின்னப் பகுதி. வரைவிலக்கணத்தைத் தேடிப் படியுங்கள். கம்பனியை விற்பது, இன்னொன்றோடு இணைப்பது, மென்பொருளையும் வாடிக்கையாளர்களையும் மொத்தமாகக் கைமாற்றுவது, கட்டுப்பாடு கைமாறுவது எல்லாமே அங்கே "டீம்ட் லிக்விடேஷன்" என்று எழுதியிருக்கும். அதாவது, நீங்கள் கனவு காண்கிற அந்த நல்ல நாளில்தான் இந்தப் பந்தி வேலை செய்யத் தொடங்கும்.

அன்றைக்கு வருகிற பணத்தில் முதலில் யார் எவ்வளவு எடுப்பது என்பதைத்தான் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் சொல்கிறது. 1 மடங்கு என்றால் போட்ட 60 மில்லியன் முதலில் அவருக்கு. 2 மடங்கு என்றால் 120 மில்லியன் முதலில் அவருக்கு. ஆரம்பநிலை முதலீட்டில் 1 மடங்கு நியாயமானது, அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

எங்கள் ஷீட்டில் "பார்ட்டிசிபேட்டிங்" என்ற சொல்லே இல்லை. அப்படியென்றால் பயமில்லைதானே?

சொல் இல்லாமலே விஷயம் இருக்கலாம். ஒரு தம்பி தன் ஷீட்டின் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அந்தப் பந்தி முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தும் அந்தச் சொல் இல்லை. ஆனால் கடைசி வசனம் "தெயராஃப்டர்" என்று தொடங்கியது. அதன் பிறகு, மீதிப் பணத்தை எல்லாப் பங்குதாரரும் "ஆஸ்-கன்வர்ட்டட்" அடிப்படையில், அதாவது முன்னுரிமைப் பங்குகளும் சாதாரண பங்காக மாறிவிட்டதாக வைத்து, பிரித்துக்கொள்வர் என்றிருந்தது. அவ்வளவுதான், அது பார்ட்டிசிபேட்டிங். முதலீட்டாளர் தன் 60 மில்லியனை முதலில் எடுத்துவிட்டு, மீதியிலும் 20 வீதப் பங்குக்காரராக வந்து உட்காருவார்.

நொன்-பார்ட்டிசிபேட்டிங் என்றால் அவர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஒன்று 60 மில்லியனை எடுப்பது, இல்லாவிட்டால் பங்குகளைச் சாதாரண பங்காக மாற்றி 20 வீதத்தை எடுப்பது. ஷீட்டில் இதை அடையாளம் காட்டுவது "கிரேட்டர் ஒஃப்" என்ற சொற்கள்: இரண்டில் எது பெரிதோ அது.

கடன் எல்லாம் கட்டிய பிறகு 150 மில்லியன் கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். நொன்-பார்ட்டிசிபேட்டிங்கில் 20 வீதம் 30 மில்லியன்தான், ஆகவே அவர் 60 மில்லியனை எடுப்பார், உங்களுக்கு 90. பார்ட்டிசிபேட்டிங்கில் முதலில் 60, பிறகு மீதி 90 மில்லியனில் 18, மொத்தம் 78, உங்களுக்கு 72. இதே 2 மடங்கு பார்ட்டிசிபேட்டிங் என்றால் முதலில் 120, பிறகு மீதி 30 மில்லியனில் 6. உங்கள் இருவருக்கும் சேர்த்து 24 மில்லியன். 80 வீதம் வைத்திருந்தவர்களுக்கு 16 வீதப் பணம்.

விற்கிற விலை பெரிதாக இருந்தால் இந்த வித்தியாசம் கரைந்து போகாதா?

கரையாது. எல்லோரும் தவறாக நினைக்கிற இடம் இது. 300 மில்லியனுக்கு விற்றால் நொன்-பார்ட்டிசிபேட்டிங்கில் அவருக்கு 60, பார்ட்டிசிபேட்டிங்கில் 108. 600 மில்லியனுக்கு விற்றால் 120க்குப் பதில் 168. 300 மில்லியனைத் தாண்டிய எந்த விலையிலும் வித்தியாசம் அதே 48 மில்லியன். மொத்தத்தில் அதன் வீதம் குறையும், உங்கள் பையிலிருந்து போகும் தொகை குறையாது.

இப்போது விலைக்குத் திரும்புவோம். அந்த "தெயராஃப்டர்" வசனத்தை வெட்டினால் மதிப்பை 200 மில்லியனாகக் குறைப்பேன் என்று முதலீட்டாளர் சொன்னால் என்ன செய்வீர்கள்? 40 மில்லியன் விழுந்ததைப் பார்த்து அநேகமானோர் மறுத்துவிடுவார்கள். கணக்குப் போடுங்கள். 200 மில்லியன் மதிப்பில் அவருக்கு 260இல் 60, அதாவது 23.1 வீதம். 300 மில்லியனுக்கு விற்றால் அவருக்கு ஏறக்குறைய 69 மில்லியன், உங்களுக்கு 231. பழைய "நல்ல விலை"யில் உங்களுக்குக் கிடைப்பது 192தான். ஏறத்தாழ 1,560 மில்லியனுக்கு விற்கும்வரை குறைந்த மதிப்பும் சுத்தமான பந்தியும்தான் உங்களுக்கு இலாபம். 240 மில்லியன் என்ற எண் நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட நல்லது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. பார்ட்டிசிபேஷனுக்கு உச்சவரம்பு வைப்பது, உதாரணமாக மொத்தம் 2 மடங்குடன் நிறுத்துவது. 360 மில்லியன் விற்பனையில் அவர் 120ஐத் தொட்டுவிடுவார். 600ஐத் தாண்டினால் சாதாரண பங்காக மாற்றிக்கொள்வது அவருக்கு இலாபம். இடையில் 360க்கு விற்றாலும் 600க்கு விற்றாலும் அவருக்கு அதே 120. யாராவது 400க்குக் கேட்டு வரும்போது நீங்கள் 500 வரை பேரம் பேசலாம் என்பீர்கள், அவர் இன்றைக்கே முடியுங்கள் என்பார். விற்பனையைத் தடுக்கும் உரிமையும் மற்றவர்களையும் சேர்ந்து விற்க இழுத்துப் போகும் உரிமையும் யாரிடம் இருக்கின்றன என்பதை அப்போதுதான் தேடத் தொடங்குவார்கள். இப்போதே தேடுங்கள்.

டிவிடெண்ட் 8 வீதம், "கியூமுலேட்டிவ்" என்று ஒரு வரி இருக்கிறது. இலாபமே இல்லாத கம்பனியில் இது எதற்கு?

கையில் கொடுப்பதற்கல்ல, சேர்வதற்கு. 60 மில்லியனுக்கு வருடம் 4.8 மில்லியன். 5 வருடத்தில் 24 மில்லியன் சேர்ந்து, முதலில் எடுக்கிற தொகை 60 அல்ல, 84 ஆகிவிடும். கூட்டுவட்டி என்றிருந்தால் இன்னும் கூட. "பணிப்பாளர் சபை அறிவித்தால் மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஆன்ட்டி-டைலூஷன் இருந்தால் அவருடைய 20 வீதம் எப்போதும் 20ஆகவே இருக்குமா?

இல்லை, இருக்கவும் கூடாது. அடுத்த சுற்றில் புதுப் பங்குகள் கூடிய விலைக்குப் போனால் எல்லோருடைய வீதமும் குறையும், அவருடையதும்தான். ஆன்ட்டி-டைலூஷன் வேலை செய்வது அவர் கொடுத்த 300 ரூபாவை விடக் குறைந்த விலைக்குப் புதுப் பங்கு போகும்போது மட்டும்.

வீதத்தைக் காப்பாற்ற அவருக்கு வேறொரு உரிமை இருக்கிறது: அடுத்த சுற்றில் தன் பங்குக்கு ஏற்ப மேலும் காசு போட்டு வாங்கும் உரிமை. அது நியாயம், காசு கொடுக்கிறார். ஆனால் "முதலீட்டாளரின் பங்கு எக்காலத்திலும் 20 வீதத்திற்குக் கீழே போகக்கூடாது" என்று ஒரு வசனம் சில ஷீட்டுகளில், குறிப்பாகத் தொழிலில் காசு பார்த்து முதல் தடவை முதலீடு செய்கிறவர்கள் எழுதித் தருபவற்றில், வந்து உட்கார்ந்திருக்கும். அவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதுவதில்லை. ஆனால் அப்படியொரு வசனம் இருந்தால் அடுத்து வருகிற எல்லாப் பங்கையும் நீங்கள் இருவர்தான் தாங்க வேண்டும், அடுத்த முதலீட்டாளரும் அதைக் கண்டதும் எழும்பிப் போய்விடுவார். வெட்டச் சொல்லுங்கள்.

ஃபுல் ராச்செட், வெயிட்டட் அவரேஜ் என்கிறார்களே. வித்தியாசம் அவ்வளவு பெரிதா?

ஒரு மோசமான வருடத்தை எடுப்போம். கம்பனிக்குக் காசு முடிகிறது. புதியவர் ஒருவர் பங்குக்கு 150 ரூபாதான் தருவார். 2.5 இலட்சம் பங்குகளை விற்று 37.5 மில்லியன் எடுக்கிறீர்கள்.

ஃபுல் ராச்செட்டில், பழைய முதலீட்டாளர் முதலிலேயே 150 ரூபாவுக்கு வாங்கியதாகக் கருதப்படும். அவருடைய 2 இலட்சம் முன்னுரிமைப் பங்கு 4 இலட்சம் சாதாரண பங்காக மாறும். உங்கள் 8 இலட்சம் மொத்தத்தில் 55.2 வீதம். பாதுகாப்பே இல்லாவிட்டால் 64 வீதமாக இருந்திருக்கும்.

வெயிட்டட் அவரேஜில் எவ்வளவு பங்கு குறைந்த விலைக்குப் போனது என்பதும் கணக்கில் வரும்:

```
CP2 = CP1 × (A + B) / (A + C)
```

CP1 பழைய மாற்றுவிலை, அதாவது அவருடைய பணம் சாதாரண பங்காக மாறும்போது ஒரு பங்குக்குக் கணக்கிடும் விலை, 300. CP2 புது மாற்றுவிலை. A ஏற்கெனவே இருக்கிற பங்குகள், 10 இலட்சம். B புதுப் பணத்துக்குப் பழைய விலையில் எத்தனை பங்கு கிடைத்திருக்கும் என்பது: 37.5 மில்லியன் வகுத்தல் 300, அதாவது 1.25 இலட்சம். C உண்மையில் கொடுத்த புதுப் பங்குகள், 2.5 இலட்சம்.

```
300 × 1,125,000 / 1,250,000 = 270
```

புது மாற்றுவிலை 270. அவருடைய 2 இலட்சம் ஏறக்குறைய 2,22,222 ஆகும். உங்களுக்கு 62.9 வீதம். 64 எங்கே, 62.9 எங்கே, 55.2 எங்கே என்று பாருங்கள்.

ஃபுல் ராச்செட்டின் இன்னொரு குணம் எனக்கு அதைவிடப் பயம். வெறும் ஆயிரம் பங்குகளை 150க்குக் கொடுத்தாலும் அதே 4 இலட்சம்தான். வெயிட்டட் அவரேஜில் அந்த ஆயிரத்துக்கு மாற்றுவிலை 299.85 ஆகும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

A என்பதற்குள் எந்தப் பங்குகள் வருகின்றன என்றும் வாசியுங்கள். எல்லாப் பங்கும் வந்தால் "பிரோட்-பேஸ்ட்", மேலே போட்ட கணக்கு அதுதான். முன்னுரிமைப் பங்கு மட்டும் வந்தால் "நெரோ-பேஸ்ட்": A வெறும் 2 இலட்சம், மாற்றுவிலை 216.67, உங்களுக்கு 60.3 வீதம். வெயிட்டட் அவரேஜ் என்று சொன்னவுடனே நிம்மதியடைந்துவிடக் கூடாது.

ஊழியர்களுக்குச் சலுகை விலையில் பங்கு கொடுத்தாலும் ஆன்ட்டி-டைலூஷன் கிளம்பிவிடுமா?

விதிவிலக்குப் பட்டியல் இல்லாவிட்டால் கிளம்பும். ஊழியர் பங்குத் திட்டம், பங்குகளைப் பிரித்துப் பெருக்குவது, ஏற்கெனவே கொடுத்த மாற்றத்தக்க கடன் பங்காக மாறுவது ஆகிய மூன்றுமாவது அதில் இருக்க வேண்டும். மாமா போன வருடம் கடனாகக் கொடுத்து, பிறகு பங்காக மாற்றலாம் என்று கடதாசியில் எழுதிய 2 மில்லியனையும் மறக்காதீர்கள்.

இது என் கம்பனி, என் பங்கு. வெஸ்டிங் என்று சொல்லி அதை நானே ஏன் திரும்ப உழைத்து எடுக்க வேண்டும்?

கோபம் நியாயம். நானும் முதல் தடவை மேசையில் பேனாவை வைத்துவிட்டு எழும்பினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் பந்தி முதலீட்டாளரைவிட அதிகமாகக் காப்பாற்றுவது உங்களில் தங்கி உழைக்கப் போகிறவரை.

வெஸ்டிங் என்றால் உங்கள் பங்கு நீங்கள் வேலை செய்யும் காலத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாவது. வழக்கம் 4 வருடம், அதில் முதல் வருடம் "கிளிஃப்". அதாவது ஒரு வருடம் முடிவதற்குள் போனால் ஒன்றுமில்லை, பிறகு மாதாமாதம். பங்குகள் உங்கள் பெயரிலேயே இருக்கும், வாக்கும் உங்களுடையது. போனால் மட்டும் சம்பாதிக்காத பகுதி திரும்பும். நீங்கள் கேட்க வேண்டியது, இதுவரை உழைத்த காலத்துக்கு வரவு. இரண்டு வருடம் சம்பளமில்லாமல் செய்திருந்தால், கையெழுத்து நாளிலேயே 25 வீதம் சொந்தமாகட்டும், மீதி 36 மாதத்தில் கிளிஃப் இல்லாமல் வரட்டும் என்று கேட்பது அதிகமல்ல.

14 மாதத்தில் என் நண்பன் கனடா போய்விட்டால் அவன் பங்கு யாருக்குப் போகும்?

ஷீட்டில் அநேகமாக ஒரு வரியில் முடித்திருப்பார்கள், அந்த வரியில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே சொன்னபடி வரவு வாங்கியிருந்தால் அவனுக்குச் சொந்தமானது 1,00,000உம், மாதம் 8,333 வீதம் 14 மாதத்துக்கு 1,16,667உம், மொத்தம் 2,16,667. மீதி 1,83,333 திரும்புகிறது. எங்கே?

இரத்துச் செய்தால் மொத்தப் பங்கு 8,16,667 ஆகும். உங்கள் 4 இலட்சம் 49 வீதம், முதலீட்டாளர் 24.5. உங்களுக்கும் முதலீட்டாளருக்கும் விகிதப்படி பிரித்தால் உங்களுக்கு 52.2, அவருக்கு 26.1. முதலீட்டாளருக்கு மட்டும் வாங்கும் உரிமை என்று எழுதியிருந்தால் அவர் 38.3 வீதத்துக்கு ஏறிவிடுவார், நீங்கள் 40இலேயே நிற்பீர்கள். நண்பனின் இடத்துக்கு ஒருவரைப் பிடிக்கப் பங்கும் மிஞ்சாது. என்னைக் கேட்டால் திரும்பும் பங்கு ஊழியர் திட்டத்துக்குப் போக வேண்டும், ஏனென்றால் அவன் செய்த வேலையை யாரோ செய்யத்தானே வேண்டும்.

"பேட் லீவர்" என்றால் திருடியவன்தானே? எங்களுக்கு அது பொருந்தாது.

வரைவிலக்கணத்தில் "தானாக விலகுபவர்" என்றும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அப்பாவுக்குச் சுகமில்லை என்று யாழ்ப்பாணம் திரும்புகிறவனும் பேட் லீவர்தான். சில ஷீட்டுகளில் பேட் லீவர் ஏற்கெனவே சொந்தமான பங்கையும் பெயரளவு விலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படியானால் வெஸ்டிங்குக்கே அர்த்தமில்லை. மோசடி, குற்றத்தீர்ப்பு, போட்டிக் கம்பனிக்கு இரகசியம் கொடுத்தல் என்று மட்டும் சுருக்கச் சொல்லுங்கள். மரணமும் நோயும் நல்ல விலகல் என்று எழுத வேண்டும்.

உங்களை வெளியே அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பணிப்பாளர் சபையில் மூவரில் இருவர் முதலீட்டாளர் பக்கம் என்றால், காரணமில்லாமல் நீக்கினால் சொந்தமாகாத பங்கும் உடனே சொந்தமாகும் என்று கேட்டு எழுதுங்கள். கம்பனி விற்பனையான பின் புதிய உரிமையாளர் உங்களை அனுப்பினாலும் அப்படியே.

இலங்கைக் கம்பனியில் இதெல்லாம் செல்லுமா?

செல்லும், சரியான இடத்தில் எழுதினால். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க கம்பனிகள் சட்டம் பங்கின் முகப்பு விலையை ஒழித்துவிட்டது. ஆகவே மாற்றுவிலை குறைந்து பங்கு கூடும்போது முகப்பு விலைக்குக் கீழே பங்கு கொடுக்க முடியாது என்ற தடை இல்லை. ஆனால் அந்த உரிமைகள் ஷீட்டிலும் பங்குதாரர் உடன்படிக்கையிலும் மட்டும் இருந்தால் போதாது, கம்பனியின் அமைப்பு விதிகளிலும் வர வேண்டும். அதை மாற்ற 75 வீத வாக்கில் விசேட தீர்மானம் தேவை.

இரண்டு இடத்தில் சட்டத்தரணியைக் கேளுங்கள். கம்பனி பணத்தைப் பங்குதாரருக்குப் பகிரும்போதும், தன் பங்கைத் தானே திரும்ப வாங்கும்போதும் கடனிறுக்கும் ஆற்றல் சோதனையைத் தாண்ட வேண்டும். காசில்லாத கம்பனியில் நண்பனின் பங்கைத் திரும்ப எடுப்பது இதில் மாட்டும், அதனால் மற்றப் பங்குதாரரோ திட்டமோ வாங்குவதாக மாற்று வழியும் எழுதப்பட வேண்டும். அடுத்தது, வாங்குபவர் பங்குகளை உங்களிடமே நேரடியாக வாங்கினால் பணம் கம்பனிக்குள் வராது. அப்போதும் பிரிஃபரன்ஸ்படி பிரிப்போம் என்று பங்குதாரர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் டெலவெயாரிலோ தாய்க் கம்பனி திறந்தால் இவை அந்த நாட்டுச் சட்டப்படி போகும், அங்குள்ள சட்டத்தரணி தேவை.

டேர்ம் ஷீட் கட்டுப்படுத்தாது என்கிறார்கள். கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு பேசலாமே?

பெரும்பகுதி சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் இரகசியம் காத்தல், சட்டச் செலவை யார் கட்டுவது, வேறு யாரிடமும் பேசாதிருத்தல் ஆகியவை வழக்கமாகக் கட்டுப்படுத்தும். கடைசியாகச் சொன்னதுதான் கழுத்தைப் பிடிப்பது. 60 நாள் யாருடனும் பேச முடியாது, வங்கியில் 45 நாள் சம்பளம்தான் இருக்கிறது என்றால், 40ஆவது நாளில் "தெயராஃப்டர்" வசனத்தை எடுக்கச் சொல்லிக் கேட்க உங்களிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. 30 நாளாகக் குறையுங்கள், மேலே சொன்ன பந்திகளை அதற்கு முன் பேசி ஷீட்டிலேயே எழுதிவிடுங்கள். சட்டச் செலவுக்கும் ஒரு உச்சத் தொகை போடுங்கள். முதலீட்டாளரின் சட்டத்தரணிக்கும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள் என்பதைச் சிலர் பற்றுச்சீட்டு வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.